பில் தொகைல 49 அதிகமா வருது, அடுத்து என்ன பண்ணலாம்?

வணக்கம் நண்பர்களே, கம்பெனில போன வருஷ சப்ளையர் பில் 1840ஐ எக்செல்ல போட்டு, தொகையோட முதல் ரெண்டு இலக்கம் எவ்வளவு தடவை வரணும்னு சொல்ற பென்ஃபோர்ட் விதிப்படி பாத்துட்டு இருக்கேன். B நெடுவரிசைல தொகை, D-ல 10 முதல் 99 வரை, கிரெடிட் நோட் மைனஸ்ல இருக்கறதால ABS போட்டேன்.

```
=LEFT(ABS(B2),2)
=LOG10(1+1/D2)
```

இந்த விதிப்படி 49ல ஆரம்பிக்கற பில் 0.88% தான், அதாவது சுமார் 16 வரணும், ஆனா எனக்கு 71 வந்திருக்கு. ஃபில்டர் பண்ணா அதுல 24 பில் மாசம் ரெண்டு தடவை வர்ற ஒரே 4,900 டெம்போ வாடகை, ஒப்பந்த ரேட், அதுல தப்பில்ல. மீதி 47ல 38 பில் ஒரே சப்ளையர், எல்லாமே 49,200க்கும் 49,950க்கும் நடுவுல, எங்க மேனேஜர் தனியா கையெழுத்து போடற லிமிட் 50,000. ரெண்டு பில் ஒரே தேதி, அடுத்தடுத்த நம்பர், பெரிய பில்ல உடைச்ச மாதிரி தெரியுது.

இத வச்சு மட்டும் யார் மேலயும் பழி போட எனக்கு மனசில்ல, எண்ணிக்கை எங்க தேடணும்னு காட்டுமே தவிர ஆதாரம் ஆகாது. ரெண்டு சந்தேகம். வாடகை மாதிரி நிலையான தொகைய எடுத்துட்டு மறுபடி எண்ணணுமா? அந்த சப்ளையருக்கு மொத்தமே 90 பில் தான், அத தனியா இதே மாதிரி எண்ணினா நம்பலாமா, இல்ல நேரா பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீதோட ஒப்பிட்டுடறதா? ஆடிட்ல இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.