ஹால்டிங் ப்ராப்ளம் நிரூபணத்துல மூலைவிட்டம் எங்கே இருக்கு?

ஐந்தாம்செமஸ்டர்:
எந்த புரோகிராமையும் அதுக்கான உள்ளீட்டையும் கொடுத்தாலும், அது நிக்குமா நிக்காதான்னு சரியா சொல்ற H எழுத முடியாதுங்கிற நிரூபணத்தைப் படிச்சிட்டேன். D இதுதான்:

```python
def D(p):
    if H(p, p):
        while True:
            pass
    return
```

D-க்கு D-யையே கொடுத்தா முரண்பாடு வருது, அது வரைக்கும் சரி. இதை மூலைவிட்ட முறைன்னு ஏன் சொல்றாங்க? ஏன் ஒரே p ரெண்டு தடவை? இன்னொண்ணு: வேணும்னே ஏடாகூடமா எழுதின D ஒண்ணுல தோத்தா, அதை மட்டும் விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் H-ஐ வெச்சுக்கலாமே?

சுழல்வண்டி:
H உள்ளே D(D)-ஐ ஓட்டிப் பார்க்கும். அது மறுபடி H-ஐக் கூப்பிடும், அது மறுபடி D-ஐ. இப்படியே போய்க்கிட்டே இருக்கும். அதனாலதான் H-ஆல பதில் சொல்ல முடியல.

பட்டறை:
சுழல்வண்டி, ஓட்டிப் பார்க்கிற H-க்கு மட்டும்தான் அது பொருந்தும். ஓட்டாம, கோடை அலசியே பதில் சொல்ற H-ஆ இருந்தா? நிரூபணம் H-க்கு உள்ளே எட்டியே பார்க்கறதில்ல. H எப்பவும் பதில் தரும், அந்தப் பதில் சரி. இவ்வளவுதான் அது எடுத்துக்கிறது.

மூலைவிட்டத்துக்கு வருவோம். புரோகிராம்னா முடிவுள்ள ஒரு எழுத்துச் சரம். நீளப்படி, அதுக்குள்ள அகரவரிசைப்படி அடுக்கினா P0, P1, P2ன்னு ஒண்ணு விடாம எல்லாம் ஒரே பட்டியல்ல வந்துடும். கோடும் எழுத்துதானே, அதே பட்டியலை உள்ளீடாவும் மேலே எழுதலாம். நின்னா 1, நிக்காட்டி 0. எண்கள் சும்மா உதாரணத்துக்கு:

```
     P0  P1  P2  P3
P0    1   0   1   1
P1    0   0   1   0
P2    1   1   1   0
P3    0   1   0   1

D     0   1   0   0
```

H(p, p)ங்கிறது p-யோட வரிசையும் p-யோட நெடுவரிசையும் சந்திக்கிற கட்டம். ரெண்டு p அந்தக் கட்டத்தோட விலாசம். மூலைவிட்டம் 1, 0, 1, 1. D அதைத் திருப்பிப் போட்டு 0, 1, 0, 0 ஆக்குது. H புரோகிராம்னா D-யும் புரோகிராம்தான், பட்டியல்ல இருந்தாகணும். P57ன்னு வெச்சுக்கோங்க. 57-ஆவது வரிசை, 57-ஆவது நெடுவரிசையில என்ன எழுதுவீங்க? அந்தக் கட்டம் தனக்கே எதிரா இருக்கணும்.

கணித மேதை கான்டர் 1891-ல இதையேதான் செஞ்சார். ஆனா அங்கே முடிவு, புது வரிசை பட்டியல்ல இல்லைங்கிறது. இங்கே பட்டியல்ல எல்லா புரோகிராமும் ஏற்கெனவே இருக்கு. அதனால D புரோகிராமே இல்லைன்னு ஆகுது. D-ல H-ஐத் தவிர இருக்கிறது ஒரு if, ஒரு while. அதுல தப்பு வர வழியில்ல, பழி H மேலதான் விழும். அட்டவணை இருக்கு, அதை முழுசா படிச்சுச் சொல்ற புரோகிராம்தான் இல்ல. நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க.

உங்க கடைசிக் கேள்விக்கு கையால ஒண்ணு செஞ்சு பாருங்க. எதைக் கேட்டாலும் False சொல்ற H எடுத்துக்கோங்க. D(D) உடனே return ஆகி நின்னுடும். H சொன்னது தப்பு. சரி, D-க்கு மட்டும் True சொல்ற மாதிரி H2 எழுதுங்க. இப்போ H2-ஐக் கூப்பிடுற D2 பொறக்குது. D2-ஐப் பத்தி H2 False சொல்லும், D2 நின்னுடும். ஒட்டுப் போடப் போட அடுத்த ஓட்டை தயாரா இருக்கும். D-யோட கோடுல ஒரு கமென்ட் சேர்த்தாலே சரம் மாறிடுது, நடத்தை மாறல. அப்போ விட்டுட வேண்டியது ஒண்ணு இல்ல, எண்ணில்லாதவை.

சாலிடர்:
நான் மைக்ரோகன்ட்ரோலர்ல வேலை பாக்கறேன், மொத்த நினைவகம் 1 கேபி. வெளியிலேர்ந்து எதுவும் உள்ளே வராட்டி, ஒரே நிலை ரெண்டாவது தடவை வந்தா அது சுத்துதுன்னு அர்த்தம். கண்டுபிடிச்சிடலாமே?

பட்டறை:
சரிதான். நினைவகத்துக்கு எல்லை இருந்தா கொள்கையளவுல தீர்மானிக்கலாம். ஆனா 1 கேபி 8192 பிட், நிலைகள் 2^8192, அது 2467 இலக்க எண். அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்க்க முடியாது. தேற்றம் பேசறது எல்லையில்லாத நினைவகத்தைப் பத்தி. உங்க போர்டு அதுக்கு எதிர் உதாரணம் ஆகாது.

ஐந்தாம்செமஸ்டர்:
ரெண்டு p விலாசம்னு சொன்னதும் விளங்கிடுச்சு. அப்போ உள்ளீடே வாங்காத புரோகிராமை மட்டும் கேட்டா? நெடுவரிசையே இல்லையே, மூலைவிட்டமும் இருக்காது. H0(p) எழுத முடியுமா?

பட்டறை:
முடியாது. P-யையும் x-ஐயும் கொடுத்தா, x-ஐ உள்ளேயே எழுதி வெச்சு P(x)-ஐ ஓட்டுற புது புரோகிராம் ஒண்ணு உருவாக்கலாம். அது உள்ளீடு வாங்காது. அதை H0-கிட்ட கேட்டா கிடைக்கிறது H(P, x)-ஓட பதில். H0 இருந்தா H-உம் இருக்கும்.

சுழல்வண்டி:
ஆனா இது H வழியா சுத்தி வர்ற வழி. ஒரு புரோகிராம் தன்னோட கோடைத் தானே உள்ளுக்குள்ள எழுதிக்கிட்டு, அதை H0-கிட்ட கொடுத்து, வந்த பதிலுக்கு எதிரா நடந்தா நேராவே கவிழ்த்துடலாமா? அப்படி எழுதினா மூலைவிட்டம் எங்கே ஒளிஞ்சிருக்கும்?