பாஸ் மாதிரியில் முதல் 6 வாரத் தரவை வைத்து M-ஐக் கணிக்க முடியுமா?

நண்பர்களே, ஒரு புதிய செயலி பரவுவதை பாஸ் மாதிரியில் பொருத்திப் பார்க்கிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

```
dN/dt = (p + q*N/M) * (M - N)
```

N இதுவரை நிறுவியவர்கள், p விளம்பரத்தின் வேகம், q வாய்மொழியின் வேகம், M மொத்தம் எத்தனை பேர் நிறுவக்கூடும் என்பது. காலம் வாரக் கணக்கில்.

M = 1,00,000, p = 0.01, q = 0.3 என்று வைத்தால் 3-ஆம் வார முடிவில் சுமார் 4,700 பேர், 6-ஆம் வார முடிவில் 14,900 பேர். என் தரவும் ஏறத்தாழ இதுவே. ஆனால் M-ஐ 2,00,000 ஆக்கி, p = 0.005, q = 0.285 என மாற்றினாலும் கிட்டத்தட்ட அதே எண்கள்! தொடக்கத்தில் வளைவை நிர்ணயிப்பது pM-உம் q − p-உம்தான். M தனியாகத் தெரிவதே இல்லை. ஆனால் புதிதாக நிறுவுவோர் எண்ணிக்கையின் உச்சம் முதலாவதில் 11-ஆம் வாரம், இரண்டாவதில் 14-ஆம் வாரம். சர்வர் திட்டமிட இந்த 3 வார வித்தியாசம் எனக்கு ரொம்ப முக்கியம்.

விளம்பர இணைப்பு வழியாக வந்தவர்களைத் தனியே எண்ணி வைத்திருக்கிறேன். அதனால் pM உறுதியாகும், M உறுதியாகுமா? உச்சத்தைத் தாண்டும் முன்பே பொருத்திப் பார்த்தவர்கள், M-ஐ வெளியிலிருந்து எடுத்து நிலையாக வைத்தீர்களா? எப்படி எடுத்தீர்கள்?