கலைச்சொல்: F சுழியாகும் புள்ளிக்கு என்ன பெயர்?

முதல் மடல் (மொழிபெயர்ப்பாளர், கோவை)

அன்புடையீர், இயற்பிய வேதியியல் நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். நிலைமை விதியான F = C − P + 2 என்பதில் அமைப்பிலுள்ள தனித்தனிப் பொருள்களின் எண்ணிக்கையான C-யைக் கூறு என்றும், பனிக்கட்டி, நீர், ஆவி போல அவை நிற்கும் வடிவங்களின் எண்ணிக்கையான P-யை நிலைமை என்றும் எழுதிவிட்டேன்; F-தான் தடுக்கிறது. இயற்பியலார் வழங்கும் 'சுதந்திர இயக்கக்கூறு' இங்கே பொருந்தாது, ஏனெனில் எதுவும் இயங்கவில்லை; அத்துடன் C-க்கும் F-க்கும் 'கூறு' என்ற ஒரே சொல் வந்து மாணவரைக் குழப்பும். நிலைமைகளின் எண்ணிக்கை கெடாமல் நம் விருப்பப்படி மாற்றக்கூடிய மாறிகள் எத்தனை என்பதே F என்பதால், 'நெகிழ்வெண்' என்று முன்மொழிகிறேன். அது சுழியாகும் இடம் 'நெகிழாப் புள்ளி'.

மறுமடல் (கல்லூரி ஆசிரியர், சேலம்)

ஐயா, 'மாறாப் புள்ளி' என்பதே எளிது. வகுப்பில் முகவையில் பனிக்கட்டியும் நீரும் போட்டு, மேலே ஆவியும் இருப்பதைக் காட்டுகிறேன். கூறு ஒன்று, நிலைமை மூன்று; F = 1 − 3 + 2 = 0. வெப்பமானியும் 0 °C-இல் அசையாமல் நிற்கிறது. மாறாதது மாறாப் புள்ளி, அவ்வளவுதான்.

மறுமடல் (ஓய்வுபெற்ற பேராசிரியை, மதுரை)

தம்பி, கணக்கு சரி. ஆனால் முகவை அந்தக் கணக்குக்கு உரியதன்று. திறந்த முகவையில் நீரின் மேல் இருப்பது வெறும் ஆவியன்று, காற்றும் சேர்ந்த வளிமம். அந்தக் காற்று சிறிதளவு நீரிலும் கரைகிறது. காற்றை ஒரே கூறாகக் கொண்டாலும் C = 2 ஆகிவிடுகிறது, P = 3, ஆகவே F = 1. அந்த ஒன்றையும் வளிமண்டலம் ஒரு வளிமண்டல அழுத்தமாகப் பிடித்துக்கொள்வதால்தான் வெப்பநிலை நிற்கிறது. மலையூருக்கு அதே முகவையைக் கொண்டுபோனால் மிக நுண்ணிய அளவில் அது மாறும்.

காற்றை வெளியேற்றி மூடிய கலத்தில் நீரும் பனிக்கட்டியும் ஆவியும் மட்டும் இருக்கும்போதுதான் முப்புள்ளி. அங்கே வெப்பநிலை 0.01 °C, அழுத்தம் ஏறக்குறைய 611.7 பாஸ்கல், இரண்டில் எதையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முகவைக்கும் அதற்குமுள்ள 0.01 பாகை வேறுபாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழுத்தத்தால் வருவது, மீதி கரைந்த காற்றால் வருவது. சிறிய எண்தான், ஆனால் இரு வேறு அமைப்புகளை நீங்கள் ஒன்றாக எண்ணியதன் தடயம் அது.

'மாறாப் புள்ளி'யை நான் ஏற்காததற்கும் காரணம் உண்டு. முப்புள்ளியில் வெப்பம் ஊட்டினால் பனிக்கட்டி உருகிக்கொண்டேயிருக்கும். நிலைமைகளின் அளவுகள் மாறுகின்றன, வெப்பநிலையும் அழுத்தமும்தான் மாறுவதில்லை. எதுவுமே மாறாது என்ற எண்ணத்தை அச்சொல் விதைக்கிறது.

மறுமடல் (குல்ஃபி தொழில் செய்யும் குடும்பத்தவர், திருச்சி)

வணக்கம் அம்மா. நாங்கள் பனிக்கட்டியில் கல்லுப்பு கலந்து குல்ஃபி உறையவைப்பவர்கள். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்தால் −21 °C என்று படித்திருக்கிறேன், ஆனால் எங்கள் பானையில் அவ்வளவு இறங்குவதேயில்லை, இறங்கினாலும் நிற்பதில்லை. அந்தப் புள்ளியும் நெகிழாப் புள்ளிதானா?

மறுமடல் (பேராசிரியை)

நல்ல எடுத்துக்காட்டு. உப்பு, நீர் என்று கூறு இரண்டு. −21.1 °C-இல் பனிக்கட்டி, எடையில் ஏறக்குறைய 23.3 விழுக்காடு உப்புள்ள கரைசல், ஒவ்வோர் உப்பு மூலக்கூற்று அலகுக்கும் இரண்டு நீர் சேர்ந்த உப்புப் படிகம் ஆகிய மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. F = 2 − 3 + 2 = 1; அந்த ஒன்று அழுத்தம், அதை வளிமண்டலம் எடுத்துக்கொண்டுவிட்டது. காற்றில்லா மூடிய கலத்தில் ஆவியும் நான்காவதாகச் சேர்ந்தால்தான் முழுமையான சுழி.

உங்கள் பானையில் திண்ம உப்பு கரைந்து தீர்ந்தால் மிஞ்சுவது பனிக்கட்டியும் கரைசலும் மட்டுமே. அழுத்தம் கட்டுண்டிருந்தும் ஒரு நெகிழ்வு பிழைத்துவிடுகிறது. பனிக்கட்டி உருகிக் கரைசல் நீர்த்துப்போகப் போக வெப்பநிலை ஏறுகிறது. வெப்பமானி ஏறத் தொடங்கினால், ஏதோ ஒரு நிலைமை தீர்ந்துவிட்டதென்று கொள்ளலாம். உப்பு மிகுதியாக இருந்தும் இறங்கவில்லையென்றால், கலக்கல் போதாமல் சமநிலை எட்டப்படவில்லை. அப்போது விதியைப் பயன்படுத்தவே இடமில்லை.

மறுமடல் (யாழ்ப்பாணத்து வாசகர்)

நாங்கள் நிலைமை என்பதை அவத்தை என்போம். 'நெகிழ்வு' என்றதும் வளைந்து கொடுக்கும் பொருளும் நெகிழியும் நினைவுக்கு வருகின்றன. 'தெரிவெண்', 'தெரிவிலாப் புள்ளி' என்றால் என்ன?

மொழிபெயர்ப்பாளர்

தெரிவெண் பொருள் வழுவாதது. ஆனால் தமிழகத்தில் 'தெரிவு' என்றால் தேர்தலும் தேர்வுப் பட்டியலும் முன்வந்து நிற்கும். இப்போதைக்கு நெகிழ்வெண் என்றே எழுதுகிறேன். முப்புள்ளிக்கு நெகிழாப் புள்ளி. உப்புநீருக்கு 'அழுத்தம் கட்டிய நெகிழாப் புள்ளி' என்று நீட்டியே எழுதுவேன், ஏனெனில் அந்த அடைமொழியை விட்டால் சேலத்து ஆசிரியரின் முகவை மீண்டும் முப்புள்ளியாகிவிடும். இதைவிடச் சுருக்கமான அடைமொழி யாரிடமேனும் உண்டா?