குழந்தைக்குப் பரவும் சிவப்பு: டாக்டருக்குப் படம் அனுப்பினால் போதுமா, தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா?

மல்லிப்பந்தல் (கும்பகோணம்), காலை 6.50
மகளுக்கு 1 வயது 10 மாதம். நேற்று இரவு பத்து மணிக்கு எங்கள் குடும்ப டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே போடுகிறேன். "வணக்கம் டாக்டர். பாப்பாவுக்கு உடம்பெல்லாம் சிவப்பு சிவப்பாக வந்து பரவிக்கொண்டே இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன க்ரீம் போடலாம்?" கூடவே மூன்று படம். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இல்லை. காத்திருக்கலாமா, இல்லை இப்போதே மருத்துவமனைக்குப் போகவா? நான் எழுதியதில் ஏதாவது தப்பா?

திருப்பூர் அப்பா, 7.05
தோல் விஷயத்தில் படமே அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பையனுக்குக் காய்ச்சலோடு காலில் புள்ளி வந்தது. ஒரு டாக்டருக்குப் படம் அனுப்பினேன், கொசுக்கடி, கலமைன் போடுங்கள் என்று பதில் வந்தது, நானும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் டெங்கு, தட்டணு நாற்பதாயிரத்துக்கு வந்திருந்தது. அந்த ஒரு ராத்திரியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வேப்பமரத்தடி, 7.11
அம்மா, இது அம்மை மாதிரி இருக்கிறது. படமெல்லாம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டாம். வேப்பிலை விரித்துப் படுக்க வையுங்கள், இளநீர், மோர் கொடுங்கள், மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை குளிப்பாட்டாதீர்கள், மருந்தும் வேண்டாம். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பார்த்தோம்.

வார்டு அக்கா, 7.20
குழந்தைகள் வார்டில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மல்லி, க்ரீமைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: பிள்ளை எப்படி இருக்கிறாள்? எழுந்து விளையாடுகிறாளா, தூக்கினால் துவண்டு விழுகிறாளா? கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்? மூச்சு வாங்குகிறதா? உதடோ கண்ணோ வீங்கியிருக்கிறதா? இதில் ஒன்று கோளாறாக இருந்தாலும் இந்தத் திரியை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் பக்கவாட்டைச் சிவப்பின் மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள். எவர்சில்வர் டம்ளர் ஆகாது, அழுத்தும்போது உள்ளே தோல் தெரிய வேண்டும். நிறம் மறைந்தால் ஒரு பக்கம் ஆறுதல். மறையாமல் அப்படியே சிவப்பாகவோ ஊதாவாகவோ நின்றால், அது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம். காய்ச்சலோடு அப்படி இருந்தால் நேராக அவசரப் பிரிவுதான். திருப்பூர் அப்பா சொன்ன புள்ளி பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருந்திருக்கும். யாராவது டம்ளரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே தெரிந்திருக்கும்.

மாநிறமோ கருப்போ ஆன பிள்ளைக்கு வயிறு, உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உள்பக்கம் பாருங்கள். மற்ற இடத்தில் சிவப்பு நம் நிறத்திலேயே ஒளிந்துகொள்ளும்.

திருப்பூர் அப்பா, 7.31
அக்கா, டம்ளரை நம்பி வீட்டில் உட்காரச் சொல்கிறீர்களா?

வார்டு அக்கா, 7.38
இல்லை தம்பி. மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்தால் வரும் புள்ளிகூட ஆரம்பத்தில் அழுத்தினால் மறையக்கூடும். மறையாவிட்டால் ஓட வேண்டும், ஆனால் மறைந்துவிட்டது என்பதற்காக உட்கார்ந்துவிடக் கூடாது. பிள்ளை சோர்ந்து கிடந்தால் டம்ளர் என்ன சொன்னாலும் ஓடத்தான் வேண்டும்.

மல்லியின் கேள்விக்கு வருகிறேன். டாக்டர் பதில் போடாததற்குக் காரணம் அந்தச் செய்தியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 'உடம்பெல்லாம்' என்று எழுதினால் நாங்கள் முதலில் கேட்பது, எங்கே ஆரம்பித்தது என்பதைத்தான். சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகம், தலை என்று நடு உடம்பில் தொடங்கி வெளியே போகும், ஒரே சமயத்தில் புதுப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் இருக்கும். கை, கால், பிட்டம், வாயைச் சுற்றி என்று ஓரங்களில் தொடங்கினால் என் யோசனை வேறு பக்கம் போகும். காய்ச்சலோடு இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு வந்து, முகத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கினால் தட்டம்மை. ஆக எந்த வரிசையில் வந்தது என்பதே பாதி விடை. படம் அந்த நிமிடத்தை மட்டும்தான் காட்டும், வரிசையைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

வேப்பமரத்தடி அம்மா, மோர், இளநீர், தனியாகப் படுக்க வைப்பது எல்லாம் நல்லதுதான். குளிப்பாட்டாமல் விடுவதும் மருந்தே வேண்டாம் என்பதும்தான் எனக்கு ஒத்துவரவில்லை. சொறிந்து சீழ் வைத்து வந்த பிள்ளைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரோஜா2020, 7.44
டயப்பர் கட்டுவதால் வருகிறது. தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நாள் கட்டாமல் விடுங்கள், என் பொண்ணுக்குச் சரியாகிவிட்டது.

வார்டு அக்கா, 7.46
ரோஜா, டயப்பர் சிவப்பு கட்டும் இடத்தை விட்டு அவ்வளவாக வெளியே வராது. மல்லி, எண்ணெய், மஞ்சள், கலமைன் எதுவும் இப்போது தடவாதீர்கள். மஞ்சள் பூசிய தோலைப் படத்தில் பார்த்து யாராலும் நிறம் சொல்ல முடியாது.

கணினித்தறி, 7.52
ஒரு யோசனை. பேனாவால் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டு நேரம் எழுதிப் படம் எடுங்கள், பரவுவது தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று, பிட்டம், தொடை இடுக்குப் படங்களை அனுப்புவதில் கவனம் வேண்டும். 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அப்பா, மகனின் பிறப்புறுப்பு வீக்கத்தை டாக்டருக்காகப் படம் எடுத்தார். போன் அதைத் தானாகச் சேமித்ததும் கூகுள் அதைச் சிறார் ஆபாசம் என்று கணித்துக் கணக்கையே முடக்கியது, போலீஸ் விசாரணை வரைக்கும் போனது. குற்றமே இல்லை என்று போலீஸ் சொன்ன பிறகும் கணக்கு திரும்பி வரவில்லை. அதனால் பிட்டத்தில் புள்ளி உள்ள இடத்தை மட்டும் நெருக்கி எடுங்கள், முகம் வேண்டாம், தானாகச் சேமிப்பதை நிறுத்திவிட்டு எடுங்கள். முக்கியமாகக் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

வார்டு அக்கா, 8.01
பேனாக்கோடு, கடித்த இடம் வீங்கி ஒரே திட்டாகப் பரவும்போது ரொம்ப உபயோகம். புதுப்புதுப் புள்ளியாக வருவதற்குக் கோடு உதவாது. ஒரே முழங்காலை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதே தூரத்தில் எடுத்து வையுங்கள், எண்ணிக்கை தெரிந்துவிடும்.

படம் எடுக்க இப்போது காலை வெளிச்சம் இருக்கிறது, ஜன்னல் பக்கம் உட்காருங்கள், பிளாஷ் வேண்டாம். இரவு டியூப்லைட்டில் எடுத்தால் எல்லாமே வெளுத்துப் போகும். முழுக் காலும் தெரிய ஒன்று, ஒரு சாண் தள்ளி ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். திரையில் புள்ளியைத் தொட்டு போகஸ் ஆன பிறகு எடுங்கள், முகத்தை அழகாக்கும் பில்டர் போனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அனுப்பும்போது HD என்பதைத் தொட்டு அனுப்புங்கள். எடை எழுத மறக்காதீர்கள், பிள்ளைகளுக்கு மருந்தளவே எடையில்தான்.

மல்லிப்பந்தல், 8.40
டம்ளர் வைத்துப் பார்த்தேன், மறைகிறது. பிள்ளை பொம்மையை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். மறுபடி அனுப்பியது:

"டாக்டர், வயது 1 வருடம் 10 மாதம், எடை 10.8 கிலோ. ஞாயிறு மாலை காய்ச்சல் 100.8, திங்கள் இறங்கிவிட்டது. திங்கள் காலை முழங்காலில் நான்கைந்து சிவப்புப் புள்ளி, மாலை பிட்டத்தில், இரவு உள்ளங்கை, உள்ளங்கால், வாயோரம். நெஞ்சு, முதுகு, தலையில் ஒன்றும் இல்லை. சில புள்ளிகளில் சாம்பல் நிறத்தில் சின்ன நீர்க்கொப்புளம். அழுத்தினால் மறைகிறது. எச்சில் ஒழுகுகிறது, சோறு வைத்தால் அழுகிறாள், தண்ணீர் கொஞ்சம் குடிக்கிறாள். காலை 5 மணிக்குச் சிறுநீர் போனாள். காய்ச்சல் மருந்து தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை, புதுச் சாப்பாடும் இல்லை. 9 மாதத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று, சின்னம்மை ஊசி போடவில்லை. விளையாட்டுப் பள்ளியில் போன வாரம் இரண்டு பிள்ளைகளுக்கு இதே மாதிரி. நேரில் வரவா?"

எழுதும்போதுதான் முழங்காலில் ஆரம்பித்ததே எனக்கு நினைவு வந்தது.

திருப்பூர் அப்பா, 8.52
நல்ல செய்திதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு எழுத எல்லா அம்மாவுக்கும் வராது. வாட்ஸ்அப்பில் பார்த்து மருந்து சொல்வது சட்டப்படி சரியா என்பதும் ஒரு கேள்வி.

வார்டு அக்கா, 9.03
சட்டப்படி சரிதான். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில் வாட்ஸ்அப்பும் உண்டு, குழந்தை என்றால் கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், நேரில் வா என்று சொல்ல டாக்டருக்கு எப்போதும் உரிமை உண்டு. எழுத வராத அம்மா குரல் பதிவு அனுப்பட்டும். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு தம்பி. படம் தெளிவாக வந்துவிட்டால் டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்க்காமலே முடித்துவிடுவார் என்ற பயம் எனக்கும் இருக்கிறது.

மல்லி, இது கை, கால், வாய் நோய் போலத் தெரிகிறது, 2022இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று செய்தியில் வந்தது நினைவிருக்கும். டாக்டர் சொல்லட்டும். இந்த நோயில் பிள்ளைகள் வார்டுக்கு வருவது பெரும்பாலும் கொப்புளத்தால் இல்லை, வாய்ப்புண் வலியில் குடிக்க மறுத்து வறண்டு போவதால். குளிர்ந்த மோர், ஆறிய கஞ்சி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, காய்ச்சல் மறுபடி ஏறி நிற்கிறது, தூக்கத்தில் திடீர் திடீரென்று துள்ளித் துள்ளி எழுகிறாள், வாந்தி நிற்கவில்லை என்றால் டாக்டர் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

மல்லிப்பந்தல், மதியம் 1.15
டாக்டர் பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். இரவு அனுப்பிய படத்தில் ஒன்றும் தெரியவில்லை, காலையில் கேட்கலாம் என்று இருந்தாராம். வாய்க்குள் பார்க்க வேண்டும், மற்ற பிள்ளைகள் போன பிறகு வா என்று கடைசியில் வரச் சொன்னார். நாக்கிலும் அண்ணத்திலும் நான்கு புண். அக்கா சொன்ன நோய்தான். வலிக்கும் காய்ச்சலுக்கும் எடைக்குத் தக்க பாராசிட்டமால் மட்டும், க்ரீம் ஒன்றும் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து நகம் உரியலாம், வலிக்காது, பயப்படாதே என்றார். சின்னக் கிண்ணம் தயிரை இப்போதுதான் முடித்தாள்.

விளையாட்டுப் பள்ளியில் மட்டும் சான்றிதழ் கேட்கிறார்கள். டாக்டர், காய்ச்சல் இல்லாமல் கொப்புளம் காய்ந்தால் அனுப்பலாம் என்கிறார், அவர்கள் இரண்டு வாரம் என்கிறார்கள்.

திருப்பூர் அப்பா, 1.30
இரண்டு வாரம்தான் சரி. மலத்தில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் போகும்.

வார்டு அக்கா, 1.42
அந்தக் கணக்குப்படி பார்த்தால் இரண்டு வாரமும் போதாது தம்பி. டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று அவர்களிடம் கேளுங்கள் மல்லி.