புதுப்பிப்பு: கறுத்துப்போன அலுமினிய இட்லிப் பானை

“டிஷ்வாஷரில் போட்ட அலுமினிய இட்லிப் பானை கறுத்து, தொட்டால் சாம்பல்போல் கையில் ஒட்டுகிறதே, ஏன்?” என்று முன்பு கேட்டிருந்தேன்.

உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றார் ஒருவர். அது பாதிதான் உண்மை. பாத்திரக் கடை அண்ணன் தெளிவாக்கினார்: டிஷ்வாஷர் தூளின் காரம் வெந்நீரில் அலுமினியத்தின் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கரைத்து, உலோகத்தையே அரிக்கிறது. தன் எவர்சில்வர் தட்டில் வெள்ளைப் புள்ளி என்று வந்த அக்காவுக்கு வினிகர் போதும். அது வேறு கதை.

புளித்தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். உட்புறக் கறுப்பு விட்டது. வெளிப்புறப் பளபளப்பு திரும்பவில்லை. இனி இந்தப் பானைக்குக் கைக்கழுவல்தான், இயந்திரத்துக்கு எவர்சில்வர். ஹார்டு அனோடைஸ்டு வாணலி தாங்கும் என்று ஒருவர் இன்னும் வாதிடுகிறார். அதன் மேற்பூச்சும் அலுமினிய ஆக்சைடுதானே, நான் போடமாட்டேன்.