ட்ரெய்லர் பார்த்தவர்கள் தியேட்டருக்கு வந்தார்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் எடுத்த படத்தின் ட்ரெய்லரை யூடியூபில் காசு கட்டி ஓடவிட்டோம். 42,000 பார்வை வந்தது. ஆனால் விளம்பரத்தை 30 விநாடி பார்த்தாலே ஒரு பார்வைதான். அதிலும் பாதிக்கு மேல் கனடா, லண்டன். அவர்கள் இங்கே ரிக்கெற் எடுக்கப்போவதில்லை.

ரிலீஸை நினைவூட்டச் சொல்லி வட்ஸ்அப் நம்பர் தந்தவர்கள் 610 பேர். முதல் வெள்ளி முதல் ஞாயிறு வரை வந்த 380 முன்பதிவுகளின் நம்பர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன், 95 பொருந்தின. சந்தோசம்தான். ஆனால் நம்பர் தரும் அளவு ஆர்வம் உள்ளவர் விளம்பரம் இல்லாமலும் வந்திருப்பாரே?

அடுத்த படத்துக்கு வவுனியாவில் விளம்பரத்தை நிறுத்தி, யாழ்ப்பாணத்தில் மட்டும் ஓடவிட்டு முன்பதிவை ஒப்பிடலாமா? தியேட்டர் அளவு வேறு. அப்படியென்றால் அந்தந்த ஊரில் இந்தப் படத்துக்கு வந்த முன்பதிவோடு வகுத்துப் பார்ப்பது சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லித் தாருங்கோ.