கொல்கத்தா புச்கா: தண்ணீரை எப்படிக் கணிப்பது?

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்கத்தா போகிறோம். தெருக்கடைகளில் சாப்பிட ஆசை, முக்கியமாக அந்த ஊர்ப் பானிபூரியான புச்கா. கூடவே ஏழு வயதுப் பிள்ளையும் வருவதால் அங்கே வசிப்பவர்களிடம் கேட்கிறேன்.

எக் ரோலில் குழப்பமில்லை. பரோட்டாவும் முட்டையும் நம் கண்முன்னே கல்லில் வேகின்றன. ஆவி பறக்க வாங்கலாம். முன்பே நறுக்கித் திறந்து வைத்த வெங்காயம், வெள்ளரியை மட்டும் வேண்டாம் என்றால் போதும். பட்டாணிக் குழம்பான குக்னியும் அடுப்பில் கொதித்துக்கொண்டே இருந்தால் சரி. வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாம்: 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கிவிடும்.

சிக்கல் புச்காவில்தான். பூரி எண்ணெயில் பொரிந்த உலர்ந்த பண்டம், அதில் பயம் குறைவு. ஆனால் புளித்தண்ணீர் கொதிக்காதது. புளிப்பு கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கலாம், தண்ணீரிலேயே வந்ததைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கடைக்காரர் ஒவ்வொரு பூரியையும் கையோடு பானைக்குள் முக்குகிறார். அதே கைதான் காசும் வாங்குகிறது. தண்ணீரில்லாமல் கேட்டாலும் உருளைக்கிழங்கு மசியல் கையால் பிசைந்தது. வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் அதுவும் ஆபத்துதான்.

விவேகானந்தா பார்க் பக்கம் கரண்டியால் ஊற்றுபவர்கள், காசு வாங்கத் தனி ஆள் வைத்திருப்பவர்கள் உண்டா? கேன் தண்ணீரில் கரைப்பதை நேரில் பார்க்க முடியுமா? மசியலை எத்தனை மணிக்குப் பிசைவார்கள்? கடை திறந்ததும் போய் நிற்கலாம் என்று எண்ணம்.